இருபது தனிமப் பாட்டு

பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ரங்கூன் சாயங்கால வகுப்பிலிருந்து.

பிள்ளைகளே, பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு விளக்குவது பர்மியத்தில், புத்தகம் ஆங்கிலத்தில், வீட்டில் பேசுவது தமிழில். மூன்றுக்கும் நடுவில் தனிமங்களின் வரிசை நழுவிப்போகிறது. அதனால்தான் அம்மா பேசும் பேச்சிலேயே இந்தப் பாட்டைக் கட்டினேன். கரண்ட் போய், மெழுகுவத்தி வெளிச்சத்தில் புத்தகம் படிக்க முடியாத ராத்திரிகளிலும் பாட்டுப் பாட முடியும்.

கும்மித் தாளத்தில் கைதட்டிப் பாடுங்கள். ஒரு வரிக்கு நாலு தட்டு. "மூச்சு" என்று போட்ட இடத்தில் கட்டாயம் நிறுத்தி மூச்சு விடணும். அது அலங்காரம் இல்லை, காரணம் பின்னால் சொல்கிறேன்.

ஒண்ணு ஹைட்ரஜன் ஊறும் தண்ணியிலே
ரெண்டு ஹீலியம் ரப்பர் பலூனிலே
(மூச்சு)

மூணு லிதியம் போனு பேட்டரியிலே
நாலு பெரிலியம் நகையில் மரகதத்திலே
அஞ்சு போரான் ஆசாரி வெங்காரத்திலே
ஆறு கார்பன் அடுப்புக் கரியிலே
ஏழு நைட்ரஜன் எங்கும் காத்திலே
எட்டு ஆக்சிஜன் இழுக்கும் மூச்சிலே
ஒம்பது ஃபுளோரின் உன் பல் பசையிலே
பத்து நியான் பளிச்சுப் பலகையிலே
(மூச்சு)

பதினொண்ணு சோடியம் சோத்து உப்பிலே
பன்னெண்டு மக்னீசியம் மரத்துப் பச்சையிலே
பதிமூணு அலுமினியம் ஆக்கும் சட்டியிலே
பதினாலு சிலிக்கான் சித்தாங் மணலிலே
பதினஞ்சு பாஸ்பரஸ் பத்தும் தீப்பெட்டியிலே
பதினாறு சல்பர் சரவெடியிலே
பதினேழு குளோரின் குழாய்த் தண்ணியிலே
பதினெட்டு ஆர்கான் ஆரோடும் சேராம பல்பிலே
(மூச்சு)

பத்தொம்பது பொட்டாசியம் பொன்னிற வாழையிலே
இருபது கால்சியம் கால் எலும்பிலே!

முதல் பத்து வரிகளில் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணும் பொருளும் மோனையிலோ எதுகையிலோ ஒட்டி நிற்கும். மூணு என்றால் போனு, ஆறு என்றால் அடுப்பு, எட்டு என்றால் இழுக்கும் மூச்சு. பதினொன்றிலிருந்து எண்களெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தொடங்குவதால் அங்கே தனிமத்தின் பெயரைப் பிடிக்கணும். சோடியம் சோறு, சிலிக்கான் சித்தாங், கால்சியம் கால். பத்துக்கு மேல் தமிழில் எண்ணத் திணறுகிறவர்களுக்கு எண்களும் கூடவே வந்துவிடும்.

தீப்பெட்டி வரியில் ஒரு திருத்தம். பாஸ்பரஸ் இருப்பது குச்சியின் தலையில் இல்லை, பெட்டியின் பக்கத்தில் நாம் உரசுகிற அந்தப் பழுப்புப் பட்டையில். குச்சியை வேறு சுவரில் தேய்த்துப் பாருங்கள், பற்றாது.

இப்போது மூச்சுக்கு வருவோம். மூச்சு விடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மந்த வாயு நிற்கிறது: ஹீலியம், நியான், ஆர்கான். வெளிக்கூடு நிறைந்துவிட்டது, இனி புதுக் கூடு தொடங்கும் என்பதற்கு அந்த மூச்சுதான் அடையாளம். முதல் மூச்சுக்கு முன் இரண்டு வரி, அப்புறம் எட்டு, அப்புறம் எட்டு, கடைசியில் இரண்டு. கால்சியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 8, 2. பாட்டை முழுசாகப் பாடினாலே அந்த விடை வந்துவிடுகிறது. குளோரினுக்கு வேண்டுமானால் மூன்றாம் கண்ணியில் அது எத்தனையாவது வரி என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஏழாவது. ஆக 2, 8, 7. அதே ஏழாவது வரியில் இரண்டாம் கண்ணியில் ஃபுளோரின் இருக்கிறது, இரண்டும் ஒரே குடும்பம். கண்ணிகளின் முதல் வரிகளைப் பாருங்கள்: லிதியம், சோடியம், பொட்டாசியம். மூன்றும் தண்ணீரில் விழுந்தால் சும்மா இருக்காது. முதல் கண்ணிக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஹைட்ரஜன் லிதியத்தின் தலைக்கு மேல் உட்கார்ந்தாலும் அது உலோகம் இல்லை, ஹீலியமோ இரண்டாவது வரியில் இருந்தாலும் போய்ச் சேரும் இடம் நியானின் தலைக்கு மேல்.

சரி, குறியீடு. போன வருஷம் நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளை சோடியத்துக்கு So என்று எழுதி மதிப்பெண்ணை விட்டுவிட்டாள். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. அவளுக்காகவே கட்டியது இது:

உப்பு கரிப்பது நாவிலே
சோடியம் எழுது Na-விலே
கேட்டு வாங்கின வாழைப்பழம்
பொட்டாசியத்துக்குக் K அடையாளம்

ஒத்தை எழுத்து ஒம்பது பேர்
H, B, C, N, O-வும் சேர்
F, P, S, K-யும் பார்
மத்தவர் எல்லாம் ரெட்டைப் பேர்

சோடியத்துக்கு நாட்ரியம், பொட்டாசியத்துக்குக் காலியம் என்று லத்தீன் பெயர்கள். குறியீடு அங்கிருந்து வந்தது. B, P இரண்டும் நம் வாயில் "பி" என்றே விழும். ஐந்தாவது போரானுக்கு B, பதினைந்தாவது பாஸ்பரஸுக்கு P, எழுதும்போது கவனம். ரெட்டை எழுத்தில் இரண்டாவது எப்போதும் சின்ன எழுத்து. CO என்று எழுதினால் அது கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த விஷ வாயு, Co என்று எழுதினால் கோபால்ட் என்ற உலோகம்.

வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "சயாமா, ஆர்கான் 39.95, பொட்டாசியம் 39.10. எடை கம்மியானது ஏன் பின்னால் நிற்கிறது?" ரொம்ப நல்ல கேள்வி. 1869-இல் மெண்டலீவ் அட்டவணை போட்டபோது எடையைத்தான் பெரும்பாலும் பார்த்தார். ஆர்கான் அப்போது யாருக்கும் தெரியாது, அது 1894-இல்தான் கிடைத்தது. 1913-இல் மோஸ்லி என்ற இளைஞர் எக்ஸ் கதிர்களை வைத்து ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய எண்ணைக் கண்டார். அணுக்கருவில் எத்தனை புரோட்டான் என்பதே அந்த எண். ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19. நம் பாட்டு எண்ணுவதும் அதைத்தான். இரண்டே வருஷத்தில், 1915-இல், கலிபோலி போர்க்களத்தில் அவர் இறந்துபோனார். வயது 27.

இருவர் இருவராக உட்கார்ந்தும் பாடலாம். ஒருவர் கேட்க, மற்றவர் தாளம் தப்பாமல் சொல்லணும்:

சரவெடிக்கு முன்னே யாரு?
தீப்பெட்டி பாஸ்பரஸ் கூறு!
பல்பசைக்குப் பின்னே யாரு?
பலகையில் நியான் பாரு!
அடுப்புக் கரிக்கு இருபக்கம் யாரு?
போரானும் நைட்ரஜனும் கூறு!

எல்லாம் மனப்பாடமான பிறகு ஒரே ஒரு கணக்கு. கச்சினிலிருந்து வரும் பச்சைக்கல்லை நகைக்கடைக் கண்ணாடிக்குள் பார்த்திருப்பீர்கள். ஜேடைட் என்று பெயர். அதன் வாய்பாடு NaAlSi₂O₆. அதில் இருக்கும் நாலு தனிமமும் நம் பாட்டில் இருக்கிறது, எண்களை எழுதுங்கள். 11, 13, 14, 8 என்று வந்தால் சரி. மோகோக் சிவப்புக்கல் இன்னும் சுலபம்: அலுமினியமும் ஆக்சிஜனும். நம் சோற்றுச் சட்டியில் இருக்கும் அதே அலுமினியம்தான், நம்புங்கள். சிவப்பு நிறம் மட்டும் அதில் துளி கலந்த குரோமியத்தால் வந்தது. அது 24-ஆவது, நம் பாட்டுக்கு வெளியே.

புதன்கிழமை சாயங்காலம் வரும்போது தாளைப் பார்க்காமல் பாடணும். தம்பி தங்கச்சிகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கைதட்ட ஆள் வேணும்.