மூட்டுத் தேய்மானத்துக்கான வீட்டுப் பயிற்சியில் வாராந்தரத் தொலைபேசி நினைவூட்டலின் பயன்

பின்னணி: முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்குப் பயிற்சி பலன் தரும். ஆனால் வீட்டுக்குப் போன சில வாரங்களிலேயே பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு இதை மாற்றுமா என்று பார்த்தோம்.

முறை: 60 பேரை மூடிய உறைகள் மூலம் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தோம். இரு குழுவுக்கும் ஒரே பயிற்சித்தாள். ஒரு குழுவுக்கு மட்டும் 6 வாரம் அழைப்பு. நாட்குறிப்பின்படி வாரத்தில் 5 நாளாவது பயிற்சி செய்தவர்களைத் தொடர்ந்தவர்களாகக் கணக்கிட்டோம். வலியை 0–10 அளவுகோலில் பதிந்தோம்.

முடிவுகள்: 54 பேர் இறுதிவரை இருந்தனர், அழைப்புக் குழுவில் 2 பேரும் மற்றதில் 4 பேரும் விலகினர். பயிற்சியைத் தொடர்ந்தவர்கள் அழைப்புக் குழுவில் 21/28 (75%), மற்றதில் 12/26 (46%); வேறுபாடு 29 சதவீதப் புள்ளிகள் (95% நம்பக இடைவெளி 4–54; p=0.03). வலி சராசரியாக அழைப்புக் குழுவில் 2.1, மற்றதில் 1.7 புள்ளிகள் குறைந்தது (திட்ட விலக்கம் 1.5, 1.4; p=0.32). அதாவது, வலியில் தெளிவான வேறுபாடு இல்லை.

முடிவுரை: அழைப்பு பெற்றவர்கள் பயிற்சியைக் கூடுதலாகத் தொடர்ந்தனர். ஆனால் நம்பக இடைவெளி மிக அகலம். நாட்குறிப்பும் நோயாளிகளே எழுதியது. வலி குறையுமா என்பதற்கு இன்னும் பெரிய, நீண்ட ஆய்வு தேவை.