பொருள்: ‘நின்றுபோன கடிகாரங்கள்’ – கட்டுரைத் தொகுப்பின் கைப்பிரதி

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 22 வருடங்களாகக் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறேன். வேலை மேசையில் பார்த்ததையும் கேட்டதையும் 19 கட்டுரைகளாக எழுதியிருக்கிறேன். கைப்பிரதியைப் பிடிஎஃப் கோப்பாக இத்துடன் இணைத்துள்ளேன்.

பழுதுபார்க்கக் கற்றுத்தரும் நூல் அல்ல இது. கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றியதுதான் பெரும்பகுதி. கணவர் இறந்த நாளிலிருந்து அவருடைய கடிகாரம் தலைதெறிக்க ஓடுகிறது என்று ஒரு அம்மா கொண்டுவந்தார். திறந்து பார்த்தேன். தலைமுடி போன்ற சுருள்வில்லில் பொட்டு எண்ணெய் பட்டு, இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படி ஒட்டினால் வில்லின் நீளம் குறைந்த மாதிரி. கடிகாரம் வேகம் பிடிக்கும். காரணம் அவ்வளவுதான். அதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் தவித்ததுதான் அந்தக் கட்டுரை. எட்டாவதாக இருக்கிறது. ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் அதைப் படியுங்கள்.

உங்கள் விதிமுறைப்படியே பக்கங்களை அமைத்திருக்கிறேன். டெமி அளவு, அதாவது 140 × 216 மி.மீ. உள் ஓரம் 20, வெளி ஓரம் 15 மி.மீ. எழுத்துரு Noto Serif Tamil, 11 புள்ளி. வரிக்கு வரி 16 புள்ளி. முதல் தடவை பிடிஎஃப் எடுத்தபோது பக்க எண்கள் மட்டும் வேறு எழுத்துருவில் வந்துவிட்டன. தமிழுக்குத் தனியாக, எண்ணுக்கும் ஆங்கிலத்துக்கும் தனியாக, இரண்டு இடத்தில் எழுத்துருவை அமைக்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. சரிசெய்து, எழுத்துரு கோப்புக்குள் இருக்கிறதா என்று காட்டும் `pdffonts` கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். `emb` என்ற பத்தியில் எல்லாமே `yes`. எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருப்பதால் உங்கள் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறாது.

விதியை மீறியது ஓர் இடத்தில்தான். 43, 44ஆம் பக்கங்களில் உள்ள படங்களின் பெயர்க்குறிப்புகள் 9 புள்ளி. 11இல் வைத்தால் பற்சக்கரத்தின் மேலேயே எழுத்து ஏறி உட்கார்ந்துவிடுகிறது. கூடாது என்றால் படத்தைப் பெரிதாக வரைந்து தருகிறேன்.

மொத்தம் 176 பக்கங்கள். 16 பக்கப் பாரம் என்றால் சரியாகப் பதினொன்று. கணக்குப் போட்டு எழுதவில்லை, தானாக அமைந்தது!

பிடிஎஃபிலிருந்து தமிழை நகலெடுத்தால் சில நேரம் எழுத்துகள் குழம்பிவிடும். மெய்ப்புத் திருத்த மூலக் கோப்பு வேண்டுமென்றால் உடனே அனுப்புகிறேன். இந்தக் கட்டுரைகள் எதுவும் முன்பு அச்சில் வந்ததில்லை. வேறு பதிப்பகத்துக்கும் அனுப்பவில்லை. வாடிக்கையாளர்களின் பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பதிலுக்கு மூன்று மாதம் ஆகும் என்று அறிவிப்பில் சொல்லியிருக்கிறீர்கள். காத்திருக்கிறேன். இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதினால் போதும்.

நன்றியுடன்,
கலைவாணி

இணைப்பு: `nindrupona-kadigarangal.pdf`