நம் மரச்செக்குக் கடை பேசும் விதம்

இன்ஸ்டாகிராமில் படம் போடுபவர், வாட்ஸப்பில் பதில் சொல்பவர், லேபிளை அச்சுக்கு அனுப்புபவர் என மூன்று பேருக்கும் இது. காங்கேயத்தில் நம் கடைக்கு நேரில் வருபவரிடம் எப்படிப் பேசுகிறோமோ, அதே ஆள்தான் மூன்று இடத்திலும் பேச வேண்டும். தெரிந்ததைச் சொல்லும், கூட்டிச் சொல்லாத ஆள்.

நம்மை 'நாங்கள்' என்போம், 'நிறுவனம்' வேண்டாம். வாடிக்கையாளர் எப்போதும் 'நீங்கள்'தான். எதிரில் இருப்பது யாரென்று தெரியாதபோது அக்கா, அண்ணா வேண்டாம், 'வணக்கம்ங்க' போதும். பதிலில் 'ங்க' வரலாம், படத்தின் கீழ் ஓரிடத்தில் வரலாம், லேபிளில் வரவே கூடாது.

படத்துக்குக் கீழே இரண்டு மூன்று வரி. அன்று நடந்ததை எழுதுங்கள்: "இன்று எள் ஆட்டினோம். கருப்பட்டி சேர்த்தாயிற்று. எண்ணெய் தெளிந்ததும் பாட்டிலில் அடைப்போம்." 'பாரம்பரியத்தின் சுவை', 'இயற்கையின் வரம்' எல்லாம் எந்தக் கடைக்கும் பொருந்தும், நமக்கு வேண்டாம்.

கொலஸ்ட்ரால் குறையும், மூட்டுவலி போகும், முடி வளரும் என்று எங்கேயும் எழுதக் கூடாது. வாடிக்கையாளரே அப்படி எழுதினாலும் அதை எடுத்துப் போடாதீர்கள். நாம் விற்பது சமையல் எண்ணெய். நோயாளி ஒருவர் நம் வரியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ரீஃபைண்ட் எண்ணெயைத் திட்டியும் எழுத வேண்டாம்.

பதில்களில்தான் நம் குரல் அதிகம் தடுமாறுகிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்ததென்று படம் அனுப்புவார்கள். "கவலைப்பட வேண்டாம் டியர்" என்று ஆரம்பிக்காதீர்கள். இப்படி: "வணக்கம்ங்க. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும், அது கெட்டுப்போனதில்லைங்க. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்க, இளகிவிடும்." அடியில் மண்டி தெரிகிறது என்பவருக்கும் காரணத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சிக்கு வாடை என்று புகார் வந்தால் வாதாட வேண்டாம்: "சிரமத்துக்கு மன்னிக்கணும்ங்க. பாட்டிலில் உள்ள பேக்கிங் தேதியை அனுப்புங்க. வேறு பாட்டில் வேண்டுமா, பணம் திருப்பித் தரட்டுமா?" வெயிலில் வைத்தீர்களா என்று அந்த நேரத்தில் கேட்காதீர்கள். பொதுவில் வந்த புகாருக்குப் பொதுவிலேயே பதில் சொல்லுங்கள், அழிக்கக் கூடாது. ஸ்மைலி, கைகூப்பும் படம் புகாருக்கு வேண்டாம்.

லேபிளில் சட்டப்படி வேண்டிய FSSAI உரிம எண், விலை, அளவு, தேதிகளில் யாரும் கை வைக்க வேண்டாம். மீதி இடம் நம்முடையது: "மரச்செக்கில் ஆட்டியது. அடியில் மண்டி தங்கலாம். ஈரக் கரண்டி போடாதீர்கள்." அளவு எங்கும் '1 லிட்டர்' என்றே வரட்டும். பெயர் மூன்று இடத்திலும் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். ஓரிடத்தில் நிலக்கடலை, இன்னோரிடத்தில் எள் எண்ணெய் என்று மாறினால் வேறு சரக்கா என்று கேட்டு போன் வரும்.

இதில் இல்லாத கேள்வி வந்தால், "கேட்டுச் சொல்கிறோம்ங்க" என்று அனுப்பிவிட்டு ஆட்டுபவரிடம் கேளுங்கள். அன்றைக்குள் பதில் போய்விட வேண்டும்.