பொருள்: வடிவமைப்பு இணைப்பு உங்கள் பட்டறைக் கணினியில் வெள்ளையாகத் தெரிவதன் காரணமும், இன்றே பார்ப்பதற்கான வழியும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நேற்று மாலை நீங்கள் அனுப்பிய கைப்பேசிப் படத்தையும், அதனுடன் எழுதியிருந்த வரிகளையும் பார்த்தேன். “சிங்கப்பூரில் மகன் திறந்தால் எல்லாம் தெரிகிறதாம், இங்கே வெறும் வெள்ளைதான் வருகிறது, வேலை முடிந்ததா இல்லையா” என்று கேட்டிருந்தீர்கள். வேலை முடிந்துவிட்டது. முகப்பு, 42 டிசைன்களும் அடங்கிய கல் பட்டியல், தொடர்புப் பக்கம் ஆகிய மூன்றும் கடந்த வியாழக்கிழமை மாலையே அந்த இணைப்பில் ஏற்றப்பட்டு, இப்போதும் அங்கேயே இருக்கின்றன. உங்கள் பட்டறைக் கணினியில் உள்ள பழைய பிரவுசரால் அந்தப் பக்கத்தை வரைய முடியவில்லை என்பதுதான் நடந்தது. தங்கள் பார்வைக்காக அதே பக்கங்களை பி.டி.எஃப். கோப்பாக இந்த மின்னஞ்சலுடன் இணைத்திருக்கிறேன். பில் அச்சடிக்கும்போது நீங்கள் வழக்கமாகத் திறக்கும் அதே நிரலில் இது திறக்கும். முதலில் அதைப் பார்த்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது கீழுள்ள விளக்கத்தைப் படித்தால் போதும்.

நீங்கள் அனுப்பிய படத்திலேயே காரணத்திற்கான தடயம் இருந்தது. திரையின் மேலே, தாவலில், “ஆத்தங்குடி கல் – முகப்பு 3” என்ற தலைப்பு சரியாக வந்திருக்கிறது; அதற்குக் கீழேதான் ஒன்றுமில்லை. இணைப்பு தவறாக இருந்தாலோ, இணையம் அறுந்திருந்தாலோ அந்தத் தலைப்பும் வந்திருக்காது. ஆகவே நீங்கள் மோடத்தை இரண்டு முறை அணைத்துப் போட்டதற்கும், இணைய நிறுவனத்தாரை அழைத்துப் பேசியதற்கும் தேவையே இருந்திருக்கவில்லை. அந்த அலைச்சலுக்கு நான் வருந்துகிறேன். பட்டறையில் எந்தக் கணினியில், எந்த பிரவுசரில் பார்ப்பீர்கள் என்று இணைப்பை அனுப்புவதற்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டும்.

படத்தின் இடது மூலையில் இருந்த நீல நிற ‘e’ குறியைக் கொண்டு அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்று தெரிந்தது. காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவில் உங்களுடையதைப் போலவே விண்டோஸ் 7 உள்ள பழைய கணினி ஒன்று இன்னும் இருப்பதால், இன்று காலை அங்கே சென்று, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-இல் நம் இணைப்பைத் திறந்து பார்த்தேன். உங்களுக்கு வந்த அதே வெள்ளைப் பக்கம், அதே தலைப்புடன் வந்தது. பிறகு F12 விசையை அழுத்தி, பிரவுசர் தன் குறைகளை எழுதிவைக்கும் பகுதியைத் திறந்தபோது, அங்கே ஒரே ஒரு வரி இருந்தது:

```
SCRIPT1002: Syntax error
```

“எனக்கு எழுதப்பட்டதை என்னால் வாசிக்க முடியவில்லை” என்பதே இதன் பொருள். ஏன் வாசிக்க முடியவில்லை என்பதை உங்கள் தொழிலை வைத்தே சொன்னால் தெளிவாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் தினமும் படிக்கும் செய்தித்தாளின் தளம், கண்ணாடியிலிருந்து எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, காயவைத்த கல்லை வண்டியில் ஏற்றி அனுப்புவதைப் போன்றது. எழுத்தும் படமும் அங்கேயே பக்கமாகக் கோக்கப்பட்டு வருகின்றன. வாங்கும் இடத்தில் இறக்கி வைத்தால் போதும். அதனால்தான் அது உங்கள் கணினியில் பெரும்பாலும் தெரிகிறது. நான் பயன்படுத்தும் வடிவமைப்புப் பகிர்வுப் பக்கம் அப்படி வேலை செய்வதில்லை. அது வெறும் கண்ணாடியையும், அச்சையும், வண்ணக் கலவையையும், “இந்த இடத்தில் இந்த நிறத்தை ஊற்றுக” என்ற செய்முறைச் சீட்டையும் உங்கள் வீட்டுக்கு அனுப்பி, கல்லை அங்கேயே செய்துகொள்ளச் சொல்கிறது. உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்த பக்கத்தின் உடல் பகுதி முழுவதும் இவ்வளவுதான்:

```
<div id="root"></div>
<script src="app.js"></script>
```

முதல் வரி வெறும் கண்ணாடி. இரண்டாவது வரியில் உள்ள app.js என்பதே செய்முறைச் சீட்டு. அதைப் படித்து, படங்களையும் எழுத்துகளையும் அந்தக் கண்ணாடியில் ஊற்றி நிரப்ப வேண்டியது பிரவுசரின் வேலை. படிக்கத் தெரியாத பிரவுசரிடம் சீட்டைக் கொடுத்தால் கண்ணாடி வெறுமையாகவே கிடக்கும். அந்தக் கண்ணாடியைத்தான் ஐயா, நீங்கள் வெள்ளைப் பக்கமாகப் பார்த்தீர்கள்.

அந்தச் சீட்டு எழுதப்பட்ட மொழியின் பெயர் ஜாவாஸ்கிரிப்ட். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 வெளிவந்தது 2013-இல். அந்த மொழிக்குப் புதிய எழுத்துமுறைகள் பலவற்றைச் சேர்த்த தரநிலை வெளிவந்தது 2015-இல். உதாரணமாக, இன்றைய நிரலாளர்கள் எல்லோரும் சர்வசாதாரணமாக எழுதும் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
pages.forEach(page => draw(page));
```

“ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்து வரைக” என்பதுதான் இதன் பொருள். நடுவில் உள்ள `=>` என்ற அம்புக்குறி 2015-ஆம் ஆண்டுத் தரநிலையில் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே பிறந்த பிரவுசருக்கு அது தெரிவதற்கு வழியே இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் பிரவுசர் ஒரு கோப்பைச் செயல்படுத்தத் தொடங்குவதற்கு முன்பாக அதை முதலிலிருந்து கடைசிவரை இலக்கணம் சரிபார்க்கிறது. ஓரிடத்தில் புரியாத குறி வந்தால் கோப்பு முழுவதையும் ஒதுக்கிவிடுகிறது. அதனால்தான் பாதிப் பக்கம்கூட வராமல், ஒரு படம்கூட எட்டிப் பார்க்காமல், எல்லாமே வெள்ளையாக இருந்தது. “உங்கள் பிரவுசர் பழையது” என்று ஒரு வரியாவது அந்தப் பக்கம் காட்டியிருக்கலாம் என்பது என் வருத்தமும்கூட. அதைக் காட்டும் பொறுப்பையும் அதே app.js-இடமே விட்டிருந்தால், அந்தக் கோப்பே ஓடாதபோது செய்தியும் வருவதற்கில்லை.

அம்புக்குறியைப் பழைய முறைக்கு மாற்றி எழுதினாலும் இந்தப் பக்கம் திறந்துவிடாது. பெரிய படங்களை விரைவாக வரைவதற்கு இந்தத் தளம் வெப்அசெம்பிளி என்ற நுட்பத்தைப் பயன்படுத்துகிறது. அது முக்கிய பிரவுசர்களில் வந்ததே 2017-இல்தான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-இல் அது இல்லவே இல்லை. அமைப்புகளில் இருக்கும் ‘இணக்கப் பார்வை’ என்பதைத் தட்டிப் பார்க்கலாமா என்று உங்கள் கணக்கர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அது பிரவுசரை இன்னும் பழையதைப்போல நடந்துகொள்ளச் செய்யும் வசதி. ஆகவே அதைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது நீங்கள் பார்ப்பதற்கான வழிகள். பி.டி.எஃப். கோப்பில் வண்ணங்களும் எழுத்தளவுகளும் அப்படியே இருக்கின்றன. பொத்தான்களைத் தட்டி அடுத்த பக்கம் போவது மட்டும்தான் அதில் இருக்காது. அதையும் பார்க்க விரும்பினால், உங்கள் கைப்பேசியில் உள்ள குரோமில் இதே இணைப்பைத் திறக்கலாம். ஆச்சியும் பக்கத்தில் இருந்து பார்க்கும்படி வீட்டிலேயே திறந்தால் நல்லது. மூன்றாவது டிசைனில் உள்ள மஞ்சளைப் பற்றி அவர்களுடைய கருத்து எனக்கு வேண்டும். முற்றத்தில் எடுத்த ஒளிப்படத்தில் அந்த மஞ்சள் வெயிலால் சற்று வெளிறிவிட்டதால், உண்மையான கல்லை மேசைமீது வைத்துப் பார்த்துச் சரிசெய்திருக்கிறேன். நிறம் சரியா என்பதை அந்தக் கல்லோடு ஐம்பது ஆண்டு பழகியவர்கள் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை.

பட்டறைக் கணினியிலேயே பார்க்க வேண்டுமென்றால், அதில் ஃபயர்பாக்ஸ் 115 என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பை நிறுவலாம். விண்டோஸ் 7-இல் ஓடக்கூடிய கடைசி ஃபயர்பாக்ஸ் வரிசை அதுதான். குரோமில் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7 நின்றுவிட்டது. ஃபயர்பாக்ஸ் தனி நிரலாக நிற்கும் என்பதால் உங்கள் பில் நிரலையோ, லேபிள் அச்சியந்திரத்தையோ தொடாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அந்தக் கணினியின் வரைகலை அட்டையும் பழையதாக இருந்தால், புதிய பிரவுசரிலும் படங்கள் மெதுவாக வரலாம் அல்லது வராமலும் போகலாம். அதை நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல நான் விரும்பவில்லை. புதன்கிழமை காலை கானாடுகாத்தானில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. முடிந்ததும் ஆத்தங்குடிக்கு வந்து நானே நிறுவித் தருகிறேன். இதற்குத் தனியாகக் கட்டணம் ஏதுமில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அக்கறையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 7-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பில் போடுவதற்கும் லேபிள் அச்சடிப்பதற்கும் அந்தக் கணினி இருக்கட்டும். வங்கிக் கணக்கைத் திறப்பதை மட்டும் அதில் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பில் நிரல் புதிய விண்டோஸில் ஓடுமா என்பதை அதைத் தந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கணினியை மாற்றவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. “நாளைக்கு மலேசியாவிலிருந்து வீடு கட்டுபவர் ஒருவர் நம் தளத்தைத் திறந்து, அவருக்கும் வெள்ளையாக வந்தால் என்ன செய்வது” என்று கேட்டிருந்தீர்கள். இது மிகவும் நியாயமான கவலை. இப்போது நான் பகிர்ந்தது வடிவமைப்பைக் காட்டும் கருவியின் பக்கம். உங்கள் தளம் அந்தக் கருவியில் ஓடப்போவதில்லை. உங்கள் தளத்தை நான், செய்தித்தாள் தளத்தைப் போல, செய்து முடித்த கல்லாகவே அனுப்பும்படி கட்டுகிறேன்: கல்லின் பெயர், அளவு, விலை, தொலைபேசி எண் எல்லாம் நேரடியாக எச்.டி.எம்.எல்.-இலேயே எழுதப்பட்டிருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் அவை தெரியும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு வெப்பி வகைப் படங்கள் தெரியாது என்பதால், கல் படங்கள் அனைத்தையும் ஜேபெக் வடிவிலும் வைக்கிறேன். மிகப் பழைய பிரவுசரில் படங்கள் வரிசையாக மூன்று மூன்றாக நிற்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கக்கூடும், ஓரங்கள் சற்று வேறாக இருக்கக்கூடும். ஆனால் எவருக்கும் வெற்றுப் பக்கம் வராது. தளத்தை ஒப்படைப்பதற்கு முன்பு அதே ஸ்டூடியோக் கணினியில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, திரையைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன்.

இரண்டாம் தவணையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பக்கங்களை நீங்கள் கண்ணால் பார்த்து, நிறங்களுக்குச் சம்மதம் சொன்ன பிறகு அனுப்பினால் போதும். அதுவரை வேலையை நிறுத்தி வைக்க மாட்டேன். பட்டியலில் 17-ஆவது கல்லுக்கும் 31-ஆவது கல்லுக்கும் அளவு விவரம் எனக்கு இன்னும் வரவில்லை. புதன்கிழமை வரும்போது அதைப் பட்டறையிலேயே அளந்து எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெய்யம்மை
வலைத்தள வடிவமைப்பாளர், காரைக்குடி

இணைப்பு: ஆத்தங்குடி கல் – முகப்பு, பட்டியல், தொடர்பு (பி.டி.எஃப்., 9 பக்கங்கள்)