ரிஸ்வானாவுக்கு, நியூமெரிக்கல் பற்றி

தங்கச்சிமடம்
ஏப்ரல் 19

அன்புள்ள ரிஸ்வானா,

நீ கேட்ட அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பைண்டிங் போடக் கொடுத்துவிட்டு இப்போதுதான் மூச்சு விடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் அப்பாவும் வீட்டில்தான், வாசலில் வலை தைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இதோடு மூன்று நோட்டு அனுப்புகிறேன், அதில் பச்சை அட்டை போட்டதை மட்டும் முதலில் பார். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வில் பாடம் புரிகிறது, ஆனால் நியூமெரிக்கல் வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். போன வருடம் நானும் இதையேதான் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன். நம் செமஸ்டர் பரீட்சையில் சூத்திரம் எழுதினால் கொஞ்சம், எண்ணைப் போட்டால் கொஞ்சம் என்று படிக்குப் படி மதிப்பெண் விழும். கடைசி விடை தப்பினாலும் பெரிதாகப் போகாது. அதனால் மூன்று வருடமாக நாம் கணக்கைக் கடைசி வரை போய் முடித்ததே இல்லை, 'அப்புறம் கால்குலேட்டரில் போட்டுக்கலாம்' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம். ஜாமில் செக்‌ஷன் சி அப்படி விடாது. 20 கேள்வி, பத்துக்கு ஒவ்வொரு மதிப்பெண், பத்துக்கு இரண்டு, மொத்தம் 30. ஆப்ஷன் கிடையாது, விடையை நீயே எண்ணாக அடிக்க வேண்டும். உன் எண் அவர்கள் வைத்திருக்கும் வரம்புக்குள் இருந்தால் முழு மதிப்பெண், இல்லாவிட்டால் பூஜ்யம். நெகட்டிவ் இல்லை என்பது ஒரே ஆறுதல். மற்றபடி செக்‌ஷன் ஏ-யில் 30 கேள்விக்கு 50 மதிப்பெண், தப்பினால் மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். பி-யில் பத்துக் கேள்விக்கு 20, சரியான ஆப்ஷன் எல்லாவற்றையும் தொட்டால்தான் மதிப்பெண். இவை உனக்கே தெரிந்திருக்கும்.

ஆகவே நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். இன்று முதல் எந்தக் கணக்கையும் பாதியில் விடாதே, கடைசி இலக்கம் வரை போய் அதற்கு அலகு எழுதி முடி. ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு போதும், ஐந்தும் முழுசாக முடிந்திருக்க வேண்டும்.

அதையும் திரையில் இருக்கும் கால்குலேட்டரில்தான் செய்ய வேண்டும். பரீட்சை ஹாலில் கையில் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது, கீபோர்டும் வேலை செய்யாது, எல்லாம் மவுஸால் ஒவ்வொரு பொத்தானாக அழுத்துவதுதான். நான் டிசம்பர் வரை அண்ணனுடைய பழைய கால்குலேட்டரை வைத்துப் பழகிவிட்டு, முதல் மாக் டெஸ்டில் திரையைப் பார்த்ததும் திணறிப் போனேன். அதில் மேலே `Deg`, `Rad` என்று இரண்டு வட்டம் இருக்கும், எது தேர்வாகியிருக்கிறது என்று பார்க்காமல் விட்டால் அவ்வளவுதான். அன்று வந்த கணக்கு ரொம்பச் சாதாரணம்: வீச்சு 5 செ.மீ., x = A cos ωt, ωt-யின் மதிப்பு 2 ரேடியன், x எவ்வளவு? நான் அடித்தது 5.00. டிகிரியில் cos 2 கிட்டத்தட்ட 1 தானே, அதனால் பார்க்க அழகான விடையாக வந்தது. சரியான விடை −2.08. பிறகு சரிபார்த்தபோதுதான் உறைத்தது, 2 ரேடியன் என்றால் 114 டிகிரிக்கு மேல், கொசைன் மைனஸில்தான் வந்தாக வேண்டும், இது பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

இதே மாதிரி இன்னொரு இடம் `ln`, `log`. ஒரு கிலோ தண்ணீரை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 77-க்குச் சூடாக்கினால் என்ட்ரோபி எவ்வளவு கூடும் என்று கேட்டால், தன்வெப்பத்தை 4200 என்று வைத்து

ΔS = mc ln(T₂/T₁) = 4200 × ln(350/300) = 647.4 J/K

என்று வரும். `log`-ஐ அழுத்திவிட்டால் 281. கெல்வினுக்கு மாற்ற மறந்து 77/27 என்று போட்டால் 4400-ஐத் தாண்டும். மூன்றுமே பார்க்க விடை மாதிரிதான் இருக்கும், எதுவும் உன்னைப் பார்த்துச் சிரிக்காது. மாற்ற மறந்த கதை மாக் டெஸ்டில் மட்டும் நடந்தது என்று நினைக்காதே, மதுரையில் உண்மைப் பரீட்சையிலேயே ஒரு இரண்டு மதிப்பெண் எனக்கு அப்படித்தான் போனது. வெளியே வந்து சித்தி வீட்டுக்கு ஆட்டோவில் போகும்போது நினைவுக்கு வந்தது. அந்த ஆட்டோவை இன்றுவரை மறக்கவில்லை.

இதற்கு என்ன வழி என்று யோசித்தபோது அப்பாவிடமிருந்துதான் ஒன்று கற்றேன். நண்டு ஏலத்துக்குப் போகும்போது பார்த்திருப்பாய், கூடையைத் தராசில் வைக்குமுன் கையால் ஒரு தூக்கு தூக்கி 'பதினெட்டு இருக்கும்' என்பார். தராசு பதினேழரை காட்டும், பதினெட்டரை காட்டும், அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு நாள் இருபத்தேழு காட்டியது. நமக்கு லாபம்தானே என்று நான் சும்மா இருந்தேன், அவரோ கூடையை எடுத்துவிட்டுத் தராசைப் பார்க்கச் சொன்னார். முந்தைய ஆள் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் போயிருந்தார். கையில் ஒரு எண் ஏற்கெனவே இருந்ததால்தான் தராசின் பொய் தெரிந்தது. கணக்கிலும் கால்குலேட்டரைத் தொடுமுன் ஒரு மதிப்பை ஓரத்தில் கிறுக்கி வை. மேலே சொன்ன என்ட்ரோபியில், 50 கெல்வின் ஏறியிருக்கிறது, சராசரி வெப்பநிலை 325, ஆக 4200 × 50/325, அறுநூற்றைம்பதுக்குக் கொஞ்சம் கீழே. பிறகு 281 வந்தால் நீயே ஒப்புக்கொள்ளமாட்டாய்.

இந்தத் தோராயம் பழக எனக்குப் பஸ்தான் வசதி. ராமநாதபுரம் பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியாகப் புது ரயில் பாலம் தெரியும் இல்லையா, நடுவில் மேலே தூக்கும் பகுதி 72.5 மீட்டர் நீளம், 17 மீட்டர் உயரம் போகும். அதன் எடையை 600 டன் என்று வைத்துக்கொண்டு, எதிர் எடை ஒன்றும் இல்லாமல் தூக்கினால் எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று ஒரு நாள் மனசுக்குள் போட்டேன். 6 லட்சம் கிலோ, 10, 17, பெருக்கினால் பத்துக் கோடி ஜூல். ஒரு யூனிட் கரண்ட் 36 லட்சம் ஜூல். ஆக 28 யூனிட். நம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவச மின்சாரத்தில் மூன்று தடவைக்கு மேல் பாலத்தையே தூக்கிவிடலாம்! எனக்கு இது நம்பவே முடியாமல் இருந்தது, இறங்கியதும் பேப்பரில் போட்டுப் பார்த்தேன், 27.8. உண்மையில் கோபுரத்தில் எதிர் எடை தொங்குவதால் மோட்டாருக்கு அதைவிட மிகக் குறைவான வேலைதான். இப்படி ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள், தினமும் பாலமே வேண்டும் என்பதில்லை.

அடுத்து, கணக்கின் நடுவில் எண்ணை ரவுண்ட் செய்து முழுமையாக்காதே. ஹைட்ரஜனின் முதல் பால்மர் கோடு, 1/λ = R × 5/36, R = 1.097 × 10⁷ m⁻¹. 5/36-ஐ அப்படியே கால்குலேட்டரில் விட்டால் 656.3 நானோமீட்டர். பேப்பரில் 0.14 என்று எழுதிக்கொண்டால் 651.1. 0.139 என்றால் 655.8. ஒரு தசம இடம் கேட்டால் இரண்டும் காலி. பின்னத்தைப் பின்னமாகவே கொண்டுபோ, கடைசி ஒரு முறை மட்டும் அடி.

மாறிலி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் hc = 1240 eV·nm, அறை வெப்பநிலையில் kT = 0.026 eV, எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் 0.511 MeV, ஹைட்ரஜனின் அயனியாக்க ஆற்றல் 13.6 eV, இந்த நாலும் நாக்கு நுனியில் இருந்தால் மாடர்ன் பிசிக்ஸ் பாதி ஓடிவிடும். 400 நானோமீட்டர் ஒளி, வேலைச் சார்பு 2.3 eV, நிறுத்து மின்னழுத்தம் என்ன? 1240/400 = 3.1, கழித்தால் 0.80 வோல்ட். இதையே h, c, e என்று தனித்தனியாகப் பத்தின் அடுக்கோடு போட்டவள் நான், ஒரு கணக்குக்கு நாலு நிமிடம் ஆகும். மூன்று மணி நேரத்தில் 60 கேள்வி என்றால் தலைக்கு மூன்று நிமிடம்தான், அதை மறக்காதே.

பழைய வினாத்தாள் எல்லாம் ஜாம் இணையதளத்திலேயே விடையோடு கிடைக்கும். அந்த விடைத்தாளில் செக்‌ஷன் சி-க்கு ஒற்றை எண்ணாக இல்லாமல் இதிலிருந்து இதுவரை என்று வரம்பு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்தால் எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கிறார்கள் என்பது புரியும். தாளை நேரம் வைத்து எழுதுவதை ஆகஸ்டுக்குத் தள்ளிவை. இப்போதே எழுதி மதிப்பெண்ணைப் பார்த்து அழுவதில் ஒரு பயனும் இல்லை (நான் அழுதேன்). மெக்கானிக்ஸ், வெப்ப இயக்கவியல், ஒளியியல், இவற்றை இந்த லீவில் முடி. எலக்ட்ரானிக்ஸ் உனக்குச் சிரமம் இல்லை, ஆப்-ஆம்ப், டையோடு எல்லாம் லேபில் நீ எனக்கே சொல்லிக்கொடுத்தாய்.

பச்சை நோட்டு என் தப்பு நோட்டு. தப்பிய ஒவ்வொரு கணக்கையும் இடது பக்கம் நான் எழுதியபடி, வலது பக்கம் சரியாக, கீழே ஒரே வரியில் எங்கே சறுக்கினேன் என்று எழுதியிருக்கிறேன். மொத்தம் நூற்றுப் பதினொன்று. எண்ணிப் பார்த்தேன், அதில் பாடம் தெரியாமல் தப்பியவை இருபத்தி மூன்றுதான். மீதி எல்லாம் அலகு, குறி, நடுவில் முழுமையாக்கியது, கேள்வி ஆரம் கேட்க நான் விட்டம் கொடுத்தது, மில்லியை விட்டது. நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு எழுத்து மோசமாக இருக்கும், பொறுத்துக்கொள். நீ என் தப்பைப் படித்தால் மட்டும் போதாது, உனக்கென்று ஒரு நோட்டுப் போடு, உன் சறுக்கல் வேறு இடத்தில் இருக்கும்.

ஹாலில் ஒரு சின்ன விஷயம். எண்ணை அடித்துவிட்டு `Save & Next` அழுத்தினால்தான் விடை பதிவாகும். மைனஸ் குறி திரையில் வரும் எண்பலகையிலேயே இருக்கும், அதைத் தேடி நேரத்தை வீணாக்காதே. செக்‌ஷன் சி-யைக் கடைசியில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். நான் ஏ-யில் தெரிந்ததை முடித்த கையோடு சி-க்குப் போனேன், தலை சூடாவதற்குள் எண் வேலை முடிந்தது. பி-யைக் கடைசியில் பார்த்துக்கொண்டேன்.

என் ரேங்க் சுமார்தான், உனக்குத் தெரியும். கவுன்சிலிங்கில் என்ன கிடைக்கிறதோ பார்ப்போம், கிடைத்ததும் சொல்கிறேன்.

நோட்டோடு அம்மா நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறார், நோட்டில் வாடை பிடிக்காமல் இரண்டு கவர் போட்டிருக்கிறேன், இருந்தாலும் உடனே தனியே எடுத்துவிடு. வெப்ப இயக்கவியலில் பத்துக் கணக்கு பச்சை நோட்டின் கடைசித் தாளில் இருக்கிறது, விடை எழுதவில்லை. ஓரத்தில் உன் தோராய மதிப்போடு போட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டோ எடுத்து அனுப்பு. ஏழாவது கணக்கில் தண்ணீரின் எடை கிராமில் இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிட்டேன்.

உன் அக்கா,
ஜெனிபர்