அம்மா வீட்டுக் கணக்கு: அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் தம்பிக்கும்

வணக்கம் அண்ணா, தங்கச்சி, தம்பி.

அம்மா இருக்கற குரூப்புல இதைப் போடக் கூடாதுன்னுதான் நம்ம நாலு பேர் மட்டும் இருக்கற இந்தக் குரூப்புல எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், உக்காந்து படிங்க.

முதல்ல நல்ல செய்தி. அம்மாவோட வலது கண்ணு நல்லா தெரியுது. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் கட்டு பிரிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். ஹால்ல தன் நாற்காலியில உக்காந்தாங்க, எதிர் சுவத்துல இருக்கற நாள்காட்டியப் பாத்தாங்க, நான் ஒண்ணும் கேக்காமலே தேதிய வாய் விட்டு வாசிச்சாங்க. அப்புறம் எழுந்து கிட்ட போய், "இந்தக் காகிதம் இவ்வளோ வெள்ளையாவா இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு.

இனி கணக்கு. அரசாங்க ஆஸ்பத்திரியில டிக்கெட்டு அஞ்சு வெள்ளிதான், ஆனா ஆபரேஷனுக்கு அடுத்த வருஷம்தான் தேதி கிடைச்சுது. அதுக்குள்ள அம்மா படியில ரெண்டு தடவ தடுக்கிட்டாங்க. அதான் ஜூலையில நாம நாலு பேரும் போன்ல பேசி, தனியார்ல பண்ணிடலாம், செலவ சமமா பிரிச்சுக்கலாம்னு முடிவு பண்ணோம். ஆபரேஷனுக்கு 4,180 வெள்ளி ஆச்சு. சாதாரண லென்ஸ்தான் வச்சோம். விலை கூடின லென்ஸ் இருக்குன்னு சொன்னாங்க, ஆனா அம்மா கிட்டத்துல படிக்க ஏற்கெனவே கண்ணாடி போடறாங்க, அதனால வேணாம்னுட்டேன். சொட்டு மருந்தும் அப்புறம் போன ரெண்டு செக்கப்பும் சேத்து 268 வெள்ளி.

ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி தண்ணி பில்லு 112 வெள்ளி வந்துச்சு. நம்ம வீட்டுக்கு என்னைக்குமே 15 வெள்ளியத் தாண்டாது. மொதல்ல மீட்டர் தப்பா வாசிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். ராத்திரி எல்லா பைப்பையும் அடைச்சிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா மீட்டர் முள்ளு மெதுவா சுத்திக்கிட்டே இருக்கு. சமையலறை சிங்க்குக் கீழ, தரைக்கு அடியில அப்பா காலத்துப் பைப்பு துருப்பிடிச்சு ஓட்டையாயிருக்கு. தரைய ஒடச்சு, புது பைப்பு போட்டு, நாலு டைல் மாத்தி 680 வெள்ளி வாங்கினாரு வந்த ஆளு. இன்னொருத்தர் 900 கேட்டாரு, அதனால இவருக்கே குடுத்தேன். பழைய பைப்புத் துண்ட எடுத்து வச்சிருக்கேன் அண்ணா, நீங்க வரும்போது பாருங்க, விரல் நுழையற அளவுக்கு ஓட்டை. பில்லுல வழக்கமான 15 வெள்ளி நாங்க பயன்படுத்தின தண்ணி, அத நானே பாத்துக்கறேன். ஓட்டையால கூடிப்போன 97 வெள்ளிய மட்டும் கணக்குல சேத்திருக்கேன்.

சுக்காய் பிந்து ரெண்டாம் பாதி 148 வெள்ளி. ஆகஸ்ட் கடைசிக்குள்ள கட்டணும், கட்டிட்டேன். வீடு நம்ம நாலு பேருக்கும் உரியது, அதனால அதும் பொதுக் கணக்கு. கரண்ட்டு பில்லு, கேஸ், மளிகை எதையும் சேக்கல. நானும் அத்தானும் பிள்ளைங்களும் அந்த வீட்டுலதான் இருக்கோம், அது எங்க செலவு.

மொத்தம் 5,373 வெள்ளி. நாலா பிரிச்சா ஆளுக்கு 1,343 வெள்ளி 25 காசு வருது. ஆளுக்கு 1,340 போட்டா போதும், மிச்சச் சில்லறை என்னோடது.

அண்ணா, உங்க பங்கு 1,340.
தங்கச்சி, உனக்கும் 1,340.
தம்பி, நீ ஜூலையில அனுப்பின 500 கழிச்சா உனக்கு இன்னும் 840.

செப்டம்பர் 15ஆம் தேதிக்குள்ள கெடச்சா எனக்குப் பெரிய உதவி. காரணத்தையும் மறைக்காம சொல்லிடறேன். இந்தக் காசு மொத்தமும் மகளோட காலேஜுக்குன்னு தனியா வச்சிருந்ததுலேர்ந்து எடுத்தது. அவ தவணைய 20ஆம் தேதி கட்டணும். அத்தான்கிட்ட கேட்டா எங்கயாவது பொரட்டிக் குடுப்பாரு, ஆனா நாம நாலு பேரும் ஏத்துக்கிட்ட செலவுக்கு அவரு கடன் வாங்கறத நான் விரும்பல.

யாருக்காவது இந்த மாசம் முழுசா போட முடியலன்னா இங்க குரூப்புல சொல்ல வேணாம். எனக்குத் தனியா ஒரு மெசேஜ் போடுங்க. பாதி இப்போ, பாதி அக்டோபர் சம்பளத்துலன்னாலும் சரி. கஷ்டம் எல்லாருக்கும் வரும், அதுக்காக நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆனா பதில் சொல்லாம மட்டும் இருந்துடாதீங்க. போன தடவ கூரை மாத்தினப்போ மூணு மாசம் யார்கிட்டயும் கேக்க வாய் வராம நானே மனசுக்குள்ள வச்சுப் புழுங்கினேன், அதுல நமக்குள்ள வந்த வருத்தம் உங்களுக்கும் நெனவிருக்கும். அந்த மாதிரி திரும்ப ஆகக் கூடாதுன்னுதான் இந்தத் தடவ மாசம் ஓடறதுக்குள்ள எழுதறேன்.

என் போன் நம்பருக்கே டூயிட்நாவ் பண்ணிடலாம், பழைய நம்பர்தான். தம்பி, நீ சிங்கப்பூர்லேர்ந்து பேநவ் வழியா அதே நம்பருக்கு அனுப்பலாம், ஆள் வந்து கையில குடுக்கற வரைக்கும் காத்திருக்க வேணாம். குறிப்புல "அம்மா கண்ணு"ன்னு போடுங்க, எனக்குத் தேட சுலபம். ரெசிட்டு எல்லாத்தையும் படம் எடுத்து இந்த மெசேஜுக்குக் கீழ போடறேன். ஏதாவது கூடக் கொறச்சலா தெரிஞ்சா தயங்காம கேளுங்க.

இன்னொரு விஷயம். இடது கண்ணும் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாரு, அவசரமில்ல. தைப்பூசத்துக்கு முன்னாடி முடிச்சா அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். தண்ணீர்மலை 513 படியும் இனிமே ஏற முடியாதுன்னு அவங்களுக்கே தெரியும், ரோட்டோரம் நாற்காலி போட்டு ரதம் வர்றதப் பாத்தா போதும்னு சொல்றாங்க. இப்பவே மாசம் ஆளுக்கு 150 வெள்ளி ஒதுக்கி வச்சா அப்போ இவ்வளோ பெரிய தொகையா ஒரே நேரத்துல விழாது. அத அடுத்த மாசத்துலேர்ந்து ஆரம்பிக்கலாமா? அண்ணா, நீங்க சொல்லுங்க, உங்க பேச்சுப்படி செய்யலாம்.

தயவுசெஞ்சு அம்மாகிட்ட இந்தக் காசு பேச்ச எடுக்காதீங்க. போன வாரம் நான் அத்தான்கிட்ட பைப்புச் செலவப் பத்திப் பேசினது அவங்க காதுல விழுந்துடுச்சு. அன்னைக்கு மத்தியானம் நான் கடைக்குப் போயிட்டு வந்தா, அந்த வெயில்ல காத்தாடிய நிறுத்திட்டு, வாசப்படியில உக்காந்து பழைய நாளிதழால விசிறிக்கிட்டிருந்தாங்க. கேட்டா "புழுக்கமே இல்லம்மா"ங்கறாங்க. கண்ணுல வேர்வை எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

மருந்து ராத்திரி எட்டு மணிக்கு விடறேன். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் அஞ்சு நிமிஷம் விடணும், அந்த நேரம் கண்ண மூடிட்டு சும்மாதான் உக்காந்திருப்பாங்க. அப்போ போன் பண்ணுங்க. ஸ்பீக்கர்ல போட்டுடறேன்.