அம்மாவின் டேப்லெட்டுக்கு சார்ஜரும் கேபிளும்: சரவணனுக்கு

அன்புள்ள சரவணா,

பொங்கலுக்கு வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று நேற்று கேட்டாய். அம்மா வழக்கம்போல ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒரு நல்ல சார்ஜரும் ஒரு நல்ல கேபிளும்தான். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்று எழுதியே அனுப்புகிறேன். வாங்கும்போது இதைத் திறந்து வைத்துக்கொள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் யாழினி பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுபோனதே, இன்டர்நெட் பிரச்சினை என்று அம்மா உன்னிடம் சொன்னாள். இன்டர்நெட் நன்றாகத்தான் இருந்தது. டேப்லெட் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. மத்தியானம் முழுக்க பிளக்கில்தான் கிடந்தது. அப்புறம் எடுத்துப் பார்த்தேன். கேபிள் டேப்லெட்டில் நுழையும் இடத்தில், அந்தக் கழுத்துப் பகுதியில், மேல் உறை கிழிந்து உள்ளே வெள்ளிக் கம்பி தெரிகிறது. அதை அம்மா பூத்தொடுக்கும் நூலால் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டி, மேலே ஒரு ரப்பர் பேண்டும் போட்டிருக்கிறாள். ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுமாம். இரண்டு மாதமாக இப்படித்தான் ஓட்டியிருக்கிறாள். சொன்னால் நீ உடனே புது டேப்லெட் வாங்கிவிடுவாய் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

புது டேப்லெட் தேவையில்லை. சார்ஜ் போடும் துளையில் பஞ்சுபோல் தூசி அடைந்திருந்தது. அணைத்துவிட்டு, பல்குத்தும் குச்சியால் மெதுவாக எடுத்தேன். பிறகு எதிர்வீட்டுப் பையனின் சார்ஜரையும் கேபிளையும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். திரையில் "Fast charging" என்று வந்தது, இரண்டரை மணி நேரத்துக்குள் நிறைந்துவிட்டது. ஆக, டேப்லெட்டிலும் பேட்டரியிலும் குறை இல்லை. குறையெல்லாம் வெளியே இருக்கும் இந்த இரண்டு சாமானில்தான்.

கேபிள் கிழிந்தது மட்டுமல்ல, சார்ஜரும் சரியில்லை. என் பழைய போனின் சார்ஜரைத்தான் இத்தனை நாள் போட்டிருந்தாள். அது 5 வோல்ட், 1 ஆம்பியர், அதாவது 5 வாட். செட்டிங்ஸில் பார்த்தேன், அம்மாவுடையது Galaxy Tab A9+, மாடல் SM-X210. பேட்டரி 7,040 மில்லி ஆம்பியர் மணி. வாட் கணக்கில் கிட்டத்தட்ட 27 வாட் மணி. 5 வாட்டில் ஏற்றினால் சும்மா வைத்திருந்தாலே ஆறு மணி நேரம் ஆகும். அவளோ பிளக்கில் போட்டுக்கொண்டே திருப்புகழ் வகுப்பு பார்க்கிறாள், வெளிச்சத்தையும் முழுதாக வைத்திருக்கிறாள். வருவது அத்தனையும் திரைக்கே போய்விடும், பேட்டரிக்கு என்ன மிஞ்சும்?

இதற்கு நடுவில் நான் ஒரு தப்பு செய்தேன். அவசரத்துக்கு ஒரு கடையில் 150 ரூபாய்க்கு ஒரு சார்ஜர் வாங்கி வந்தேன். மேலே 33 வாட் என்று போட்டிருந்தது. கையில் எடுத்தபோதே காலி தீப்பெட்டி மாதிரி கனமில்லாமல் இருந்தது, அப்போதே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். போட்டு அரை மணியில் அம்மா, "தொட்டால் குறுகுறுன்னு இருக்கு, எழுத்தைத் தொட்டால் வேற எங்கேயோ போகுது" என்றாள். டெஸ்டரை வைத்தேன், டேப்லெட்டின் உலோக முதுகில் பளிச்சென்று எரிந்தது. இரண்டு முள் சார்ஜர் எதிலும் லேசான கசிவு இருக்கும், நல்ல சார்ஜரில்கூட சில சமயம் விரலுக்குத் தெரியும், அதனால் ஆபத்து இல்லை. இது அந்த மாதிரி இல்லை. கழற்றி வைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். 230 வோல்ட் வரும் பக்கத்துக்கும் 5 வோல்ட் போகும் பக்கத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. சுருளைச் சுற்றியிருந்த டேப்பும் பெயருக்குத்தான். அந்த இடைவெளிதான் சரவணா, உன் அம்மாவின் கைக்கும் தெருக் கம்பத்துக்கும் நடுவே இருக்கும் ஒரே சுவர். 34 வருஷம் மின்வாரியத்தில் வேலை பார்த்துவிட்டு என் வீட்டுக்குள்ளேயே இதை நான் கொண்டுவந்தேனே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முள்ளை நசுக்கி, யாரும் எடுத்துப் போட முடியாதபடி செய்துவிட்டேன்.

அதனால் சார்ஜரில் மட்டும் காசு பார்க்காதே. ஆனால் அதை அங்கே வாங்க வேண்டாம். சிங்கப்பூரிலும் 230 வோல்ட்தான், சார்ஜர்களும் 100 முதல் 240 வரை தாங்குபவைதான், மின்சாரத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. முள்தான் சிக்கல். அங்கே மூன்று சதுர முள், இங்கே உருண்டை முள். நடுவில் கன்வெர்ட்டர் போட்டால் அது ஆடும். ஆடுகிற இடத்தில் பொறி வரும், பிளாஸ்டிக் இளகும். நம் கூடத்து சுவிட்ச் போர்டு ஏற்கெனவே பழசு. பிளக் பாயின்ட்டை மட்டும் போன வாரம் புதிதாக மாற்றிவிட்டேன், இப்போது இறுக்கமாகப் பிடிக்கிறது. அதில் நேராகச் செருகும் சார்ஜர்தான் வேண்டும்.

ஆகவே சார்ஜரை அங்கிருந்தே ஆன்லைனில், நம் கும்பகோணம் விலாசத்துக்குப் போட்டுவிடு. தேடும்போது இப்படி அடி: `Samsung 25W USB-C adapter`. டேப்லெட் எடுப்பது 15 வாட்தான். இருந்தாலும் 25 வாட் வாங்கு. 15 வாட் சார்ஜர் முழு மூச்சில் ஓடிச் சூடாவதைவிட 25 வாட் நிதானமாக ஓடும், என் அடுத்த போனுக்கும் ஆகும். வாட் அதிகமானால் டேப்லெட் எரிந்துபோகாதா என்று அம்மா கேட்டாள். போன தடவை உன் லேப்டாப் சார்ஜரை அதில் போட்டபோதும் பயந்தாள் இல்லையா. தெருமுனையில் 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் நம் வீட்டு பல்பு வெடித்துவிடுகிறதா? பல்பு தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கிறது. இதுவும் அப்படித்தான். சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் கொடுக்கும். டேப்லெட் கேட்டால்தான் 9 வோல்ட்டுக்கு ஏறும்.

படத்தில் லேபிளைப் பெரிதாக்கிப் பார். `9.0V` என்றும் அதன் பக்கத்தில் `2.77A` என்றும் இருக்க வேண்டும். வெறும் 5 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் அதை விட்டுவிடு. நம் நாட்டு பிஐஎஸ் முத்திரையும், R- என்று தொடங்கி எட்டு இலக்கம் வரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். சாமான் வந்ததும் அந்த எண்ணை BIS Care ஆப்பில் போட்டு நானே சரிபார்த்துக்கொள்கிறேன், அதுவரை பெட்டியைத் தூக்கிப் போட மாட்டேன். விற்பவர் பெயரில் கம்பெனியின் சொந்தக் கடை இருந்தால்தான் பணம் கட்டு. 25 வாட் ஒரிஜினல் 300 ரூபாய் என்று யாராவது காட்டினால் நம்பாதே. ஒரே துளை உள்ளதாகப் பார். இரண்டு துளை இருந்தால் நானும் என் போனைச் செருகுவேன், வாட் பங்கு பிரிந்து மறுபடி அம்மாவுக்குத்தான் குறையும்.

கேபிளை நீ அங்கேயே வாங்கி வா. முஸ்தபாவிலேயே கிடைக்கும், பெட்டியில் வாங்கு, தொங்கவிட்டிருக்கும் உதிரி வேண்டாம். இரண்டு முனையும் டைப்-சி. பழையது ஒரு முனை அகலமான பழைய யுஎஸ்பி, புது சார்ஜரில் அது நுழையாது. நீளம் 2 மீட்டர். ஊஞ்சலில் அம்மா உட்காரும் இடத்திலிருந்து பிளக் பாயின்ட்டுக்கு டேப் வைத்து அளந்தேன், 1 மீட்டர் 60 சென்டிமீட்டர். பழைய கேபிள் 1 மீட்டர், எட்டாமல் இழுத்துப் பிடித்ததில்தான் கழுத்து கிழிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அவள் டேப்லெட்டை மடியில் நிறுத்தி வைக்கிறாள், மொத்த எடையும் அந்த முனையில் உட்காருகிறது. அதனால் ஒரு முனை எல் மாதிரி வளைந்திருப்பதாகக் கிடைத்தால் அதையே வாங்கு. கிடைக்காவிட்டால் நேரானது போதும், ஆனால் கழுத்தில் ரப்பர் உறை நீளமாக, கையால் வளைத்தால் மெதுவாக வளைவதாக இருக்க வேண்டும்.

பெட்டியில் 60 வாட், 3 ஆம்பியர் என்று இருந்தால் போதும். 100 வாட், 240 வாட் என்பதெல்லாம் லேப்டாப்புக்கு. அவை தடியாக, விறைப்பாக இருக்கும், மடியில் வளையாது. வேகமாக வீடியோ அனுப்பும் கேபிள் என்று விலையேற்றிச் சொல்வார்கள், அதுவும் தேவையில்லை. காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் முனை சித்தி வீட்டில் இருக்கிறது, அம்மாவுக்கு அதில் ஆசை. வேண்டாம், அந்தச் சின்ன ஊசிகள் வெளியே தெரியும்படி இருக்கின்றன, ஊசி, சேஃப்டி பின் எல்லாம் வைத்திருக்கும் கூடையில்தான் அவள் டேப்லெட்டையும் வைக்கிறாள்.

நிறம் வெள்ளை. இதை மறக்காதே. நம் கூடத்துச் சிவப்புத் தரையில் கருப்புக் கேபிள் ராத்திரியில் தெரிவதில்லை. போன மாதம் தண்ணீர் குடிக்க எழுந்தவள் தடுக்கி, நல்ல வேளை ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். ஏற்கெனவே முட்டிவலி. இதையும் உன்னிடம் சொல்லக்கூடாது என்றாள், நான் சொல்லிவிட்டேன்.

ஒரே மாதிரி இரண்டு கேபிள் வாங்கி வா. ஒன்றைப் பீரோவில் வைத்துவிடுகிறேன்.

சார்ஜரை இந்த வாரமே போட்டுவிடு. நீ வரும்வரை எதிர்வீட்டுப் பையன் தன் பழைய கேபிள் ஒன்றைக் கொடுத்திருக்கிறான், அதையும் அவன் சார்ஜரையும் வைத்து சாயங்காலம் ஒரு தடவை நிறைத்துக்கொள்கிறோம். பூத்தொடுக்கும் நூல் கட்டிய கேபிளை அம்மா தூங்கும்போது எடுத்து, நடுவில் வெட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஆறு மணிக்குக் கூப்பிடு. யாழினி விட்ட இடத்திலிருந்து பாடட்டும், அம்மா கடைசி இரண்டு வரியைக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

தீபாவுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
அப்பா